ஓரகத்தியின் நாவலுக்கு ஒரு மதிப்புரை

மார்ச் 3

சின்னவள் மொழிபெயர்த்த நாவல் என் மேசைக்கே வந்துவிட்டது. சின்னவள் என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. கல்யாணமாகிக் கொழுந்தனாரோடு வெளிநாடு போன இடத்தில் அங்குள்ள மொழியைக் கற்றாளாம். இப்போது நாவலாம், பரிசாம். நான் எத்தனையோ வருடமாகப் பத்திரிகையில் மதிப்புரை எழுதுகிறேன். வீட்டில் ஒருவரும் ஒரு வரி படித்ததில்லை.

பத்திரிகையின் பொறுப்பாசிரியரிடம், "அவ என் ஓரகத்தி மேடம்" என்றேன்.

"தெரியும். எழுத வேற ஆள் இல்ல. உறவுன்னு அடியில ஒரு வரி போட்டுடலாம். நீங்க நேர்மையா எழுதுங்க, போதும்."

நேர்மையாகவா? நான் காத்திருந்ததே அதற்குத்தானே!

மார்ச் 6

மாமியார் கூடத்தில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அட்டையைக் காட்டுகிறார். "எங்க சின்னவ எழுதினது!" எனக்கு வயிறு எரிகிறது. வேறு யாரிடம் சொல்ல?

மார்ச் 9

முடித்தேன். இரண்டாம் பகுதி முழுக்கக் குட்டிக் குட்டி வாக்கியங்கள். வந்தான். பார்த்தான். உட்கார்ந்தான். மூச்சு முட்டுகிறது. மாட்டினாள்.

ஆனால் அந்த அப்பா! நீதிமன்ற எழுத்தர். வீட்டிலும் ஏட்டுத் தமிழ்தான். "உணவு ஆயிற்றா? விளக்கை அணைத்துவிடு." மகள் வீட்டைவிட்டுப் போகிற அன்று வாசல்வரை வந்து, "போகாதடி... எனக்கு யாரு இருக்கா?" என்கிறார். அதுவரை அந்த மனிதர் ஒருமுறைகூட அப்படிப் பேசியதில்லை. அழுதுவிட்டேன். நல்லவேளை, அது நாவலாசிரியரின் திறமை. சின்னவளுக்கு அதில் என்ன பங்கு?

மார்ச் 12

நூலகத்தில் அதே நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது. இரண்டாம் பகுதியைப் புரட்டினேன். நீள நீள வாக்கியங்கள்! சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே மூச்சில் எழுதினேன்: "மூலத்தின் நீரோட்டத்தை மொழிபெயர்ப்பாளர் வெட்டிக் கூறுபோட்டுவிட்டார். அப்பாவின் பாத்திரத்தில் மட்டும் நாவலாசிரியரின் மேதைமை மொழிபெயர்ப்பையும் மீறி ஒளிர்கிறது."

மார்ச் 14

இரண்டு வாக்கியத்தையும் பொறுப்பாசிரியர் சிவப்பில் வட்டமிட்டுவிட்டார்.

"மூலம் படிச்சீங்களா?"

"ஆங்கிலத்துல பார்த்தேன் மேடம்."

"அதுவும் மொழிபெயர்ப்புதானே? ஒருத்தர் வெட்டியிருக்கலாம், இன்னொருத்தர் ஒட்டியிருக்கலாம். ரெண்டும் வேற வேறன்னுதான் அதுல தெரியும். எது சரின்னு தெரியாது."

சரி, குறையை எடுத்துவிடுகிறேன், பாராட்டு இருக்கட்டுமே என்றேன்.

"அது மட்டும் உங்களுக்கு எப்படித் தெரியும்? நல்லதெல்லாம் அவருக்கு, கெட்டதெல்லாம் இவங்களுக்கா?"

முகம் சிவந்துவிட்டது. என் மனசைப் படித்துவிட்டாரோ?

மார்ச் 15

"மூலத்துக்கு நேர்மையாக", "மூலத்தின் மணம் கெடாமல்" — இப்படி நான் இத்தனை வருடமாக எழுதியதெல்லாம்? எந்த மூலத்தை நான் முகர்ந்தேன்?

எனக்குத் தெரிந்தது இந்தத் தமிழ்ப் பக்கம் மட்டும்தான். அதைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு. வாக்கியம் எங்கே குறுகுகிறது, யார் எந்தத் தமிழில் பேசுகிறார், படிக்கும்போது எனக்கு என்ன ஆகிறது. மறுபடி உட்கார்ந்தேன். குட்டி வாக்கியங்கள் மகன் வேலை இழந்த அத்தியாயத்தில் தொடங்குகின்றன. அங்கே பொருந்துகின்றன. பிறகு தங்கையின் கல்யாணத்திலும் அதே நடை. அங்கே சலிக்கிறது.

மார்ச் 17

புதிதாக எழுதிக் கொடுத்தேன். "இரண்டாம் பகுதியின் குறுவாக்கியங்கள் போகப்போக அலுக்கின்றன. இது மூலத்தின் இயல்பா, மொழிபெயர்ப்பாளரின் தேர்வா, நான் அறியேன். தமிழில் அப்பாவின் பேச்சு ஒரே ஒரு இடத்தில் ஏட்டிலிருந்து இறங்குகிறது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைக்க நேர்ந்தது." மேதைமை என்ற சொல்லை அடித்துவிட்டேன். யாருடைய மேதைமை என்று எழுத?

பொறுப்பாசிரியர் ஒரு கமாவைக்கூடத் தொடவில்லை.

மார்ச் 28

அச்சாகிவிட்டது. அடியில்: "மொழிபெயர்ப்பாளர், மதிப்புரையாளரின் ஓரகத்தி." மாமியாரும் படித்தார். "அலுக்குதுன்னு எழுதியிருக்கியே, நம்ம வீட்டுப் பொண்ணைப் போய்!"



மார்ச் 29

சின்னவளே போன் செய்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் எடுத்தேன்.

"அக்கா, அந்தக் குட்டி வாக்கியமெல்லாம் நாவலாசிரியரோடதுதான். எனக்கும் அலுத்துச்சு. ஆனா மாத்தக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

"சரி."

"அப்பா பேச்சுதான்... அவங்க மொழியில இப்படி ஏட்டுக்கு ஒண்ணு, பேச்சுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கிடையாதுக்கா. மூலத்துல அவர் எல்லார் மாதிரியும்தான் பேசுவார். அந்த இடத்துல வாக்கியம் பாதியில நிக்கும், அவ்வளவுதான். அதைத் தமிழ்ல எப்படிக் கொண்டுவரதுன்னு தெரியாம மாசக்கணக்கா அல்லாடினேன். அப்புறம்தான் முதல் அத்தியாயத்துக்கே திரும்பிப் போய் அவரை ஏட்டுல பேச வெச்சேன். யாருமே கவனிக்கல. நீங்கதான்..."

குரல் உடைந்தது. நான் என்னவோ சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இத்தனை நாளும் நடுவில் முகம் தெரியாத ஒரு நாவலாசிரியர் இருந்தார். நல்லதை எல்லாம் அவர் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இனி அவரும் இல்லை. என்னை அழவைத்தது அவள்தான்.