மூன்றாவது இதழில் இருந்தது

இன்று காலை பேப்பர் மழையில் நனைந்து கிடந்தது. பிரித்து, துணிக் கொடியில் தாள் தாளாகப் போட்டேன். ஈரத்தாளும் மையும் சேர்ந்த வாடை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பழைய அச்சகங்களில் தாளை முதலில் நனைத்துப் பதமாக்கிவிட்டுத்தான் அச்சடிப்பார்கள், பிறகு கயிற்றில் காயப்போடுவார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமலே வைத்திருந்த ஒன்றை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதை எழுதத் தெம்பில்லை. இனியும் தள்ளிப்போடவும் தெம்பில்லை.

கள்ளக்குறிச்சி கிளை நூலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நீ வந்தாய். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டும் வீட்டின் முதல் பட்டதாரி. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாய். நான் நூலகர்தான், ஆனால் ஒரு புள்ளிக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கும் என்று உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள், குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே மாதிரி இருக்கும், சொல்லுக்குச் சொல் இடமும் விட மாட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் ஓலையைப் படிப்பது கஷ்டம். அச்சில்தான் புள்ளியும் ஏகாரத்துக்கான இரட்டைச் சுழிக் கொம்பும் இடைவெளியும் நிலைத்தன. "வாத்தியாரு சேத்துக்காத ஆளுகூட எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்னு ஆனது அப்பதான்டி" என்றாய்.

முதலில் மிஷன்காரர்களிடமும் சர்க்காரிடமும்தான் பெரும்பாலும் அச்சகம் இருந்தது. நம்மவர்கள் தங்குதடையில்லாமல் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தைந்தில்தான் வந்தது. அதன் பிறகு பாடப் புத்தகம், கண்டனத் துண்டறிக்கை, வாரப் பத்திரிகை என்று ஒவ்வொன்றாய்ப் பெருகின. சென்னையில் உட்கார்ந்திருந்த பத்திரிகை ஆசிரியருக்கு ஊர் ஊராக நிருபர் வைக்க வசதி கிடையாது. வெளியூர் வாசகர்கள் தபாலில் எழுதுவதுதான் செய்தி. கைம்பெண் மறுமணம், பெண் பிள்ளைகள் படிப்பு, சேரிக்குக் கிணறு என்று ஒருவர் எழுத, அடுத்த வாரம் இன்னொருவர் மறுத்து எழுதுவார். ஆசிரியர் அடியில் தன் குறிப்பைச் சேர்ப்பார். ஊருக்கு வந்த ஒரு பிரதியை ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள்.

நைனார்பாளையத்தில் ஒரு பண்ணைக்காரர் வீட்டில் அவருடைய கொள்ளுத்தாத்தா சந்தா கட்டி வாங்கிய வாரப் பத்திரிகைகள் பைண்டு செய்து கிடப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். நாம் போய்ச் சேர்ந்த அன்றே இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. சின்னசேலம் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். மூன்று நாள் பஸ் இல்லை.

வீட்டுக்காரர் உன்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். பிறகு எந்தத் தெரு என்று கேட்டார். நீ மறைக்காமல் சொன்னாய். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க உள்ள வாங்க. அந்தப் பொண்ணு வண்டிக் கொட்டாயில குந்திக்கட்டும். பொஸ்தகத்த வெளிய எடுத்துக்கினு போவக் கூடாதுங்க" என்றார்.

திரும்பிப் போய்விடலாம் என்று உன்னிடம் வந்தேன். நீ நோட்டைப் பிரித்து மடியில் வைத்திருந்தாய். "நீ ஜன்னலாண்ட குந்தி சத்தமா படி. நான் எழுதிக்கிறேன். இத வுட்டா இந்தப் பேப்பரு நமக்குக் கெடைக்காது" என்றாய். அப்படித்தான் மூன்று நாள் போயிற்று. நான் உள்ளே நாற்காலியில். எனக்கு வெண்கல டம்ளரில் காபி வந்தது. உனக்குத் தண்ணீரைக் கையில் ஊற்றினார்கள். அந்த டம்ளரை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டாம் நாள் படித்த ஓர் இதழில்தான் அந்தக் கடிதம் இருந்தது. கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்துச் சேரியில் இருந்து ஒரு பண்ணையாள் எழுதியது. பெயர் போடவில்லை. பண்ணையில் பத்திரிகை படிக்கும்போது வேலிக்கு வெளியே நின்று கேட்டாராம். மிஷன்காரர் கொடுத்த அரிச்சுவடியை வைத்துக்கொண்டு, காதில் விழுந்ததை அவர்கள் தூக்கிப் போட்ட பழைய தாளில் தேடித் தேடி எழுத்துக் கற்றாராம். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைக்கச் சொல்லிச் சர்க்காருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். நான் படித்து முடித்த பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பேனாவை மூடியிருந்தாய். "இன்னொருவாட்டி படி" என்றாய். படித்தேன்.

அடுத்த இதழில் மறுப்புக் கடிதம். கூலி வேலைக்காரன் படித்தால் ஏர் பிடிப்பது யார் என்று ஒருவர் கேட்டிருந்தார். அடியில் அந்த வீட்டுக் கொள்ளுத்தாத்தாவின் பெயர். அதையும் குரல் மாற்றாமல் படித்தேன், நீயும் எழுதினாய். ஆசிரியர் பண்ணையாளின் பக்கம் நின்று, அதிகாரிகள் விசாரிக்க வேண்டும் என்று குறிப்புப் போட்டிருந்தார். "அடுத்த இதழ்ல பள்ளிக்கூடம் வந்துருக்கும் பாரு" என்றாய். உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலை, இரவு சேரியில் தங்கியிருந்த நீ வருவதற்கு முன்பே நான் அந்த மூன்றாவது இதழைப் புரட்டிவிட்டேன். பள்ளிக்கூடம் இல்லை. இடமின்மையால் இந்த விஷயமாக இனிக் கடிதங்கள் போடப்படமாட்டா என்று இரண்டே வரி. கீழே பலசரக்கு விளம்பரம். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் உள்ளே வந்து, முந்தின இதழில் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயர் திறந்து கிடப்பதைப் பார்த்தார். பைண்டை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்தேன். "மூணாவது பாத்தியா?" என்று கேட்டாய்.

"பாக்கறதுக்குள்ள வாங்கிக்கினாருடி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை உன்னிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். மூன்று நாள் உள்ளே உட்கார்ந்து காபி குடித்த நான், உனக்கு ஒரு நல்ல செய்திகூடக் கொண்டுவரவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டேன்.

அப்புறம் அந்த ஒரு இதழுக்காக நீ சென்னையில் ஏறி இறங்காத நூலகம் இல்லை. மற்ற வருஷங்கள் இருந்தன, அந்த வருஷம் மட்டும் செல்லரித்துப் போயிருந்தது. மூலப் பிரதி இல்லாமல் கைநகலை ஆதாரமாக ஏற்க முடியாது என்று உன் வழிகாட்டி அந்தக் கடிதத்தைப் பற்றிய அத்தியாயத்தையே நீக்கச் சொன்னார். நீக்கினாய். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, கிடைக்கவில்லை என்று என்னிடம்தான் சொன்னாய். நான் டீ போட்டுக் கொடுத்தேன். அன்றே சொல்லாத ஒன்றை ஐந்து வருஷம் கழித்து எப்படிச் சொல்வது?

பிறகு நீ ஆசிரியையானாய், கல்வராயன் மலைப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். இருபத்திரண்டு வருஷம் அங்கேயே இருந்தாய். ஒருமுறை உன் வகுப்புக்கு வந்திருந்தேன். மலைக்குக் கீழே அந்தக் காலத்தில் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று படிக்கக் கற்றார், பத்திரிகைக்கு எழுதினார், எழுதியதால் பள்ளிக்கூடம் வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர்களும் கண் கொட்டாமல் கேட்டார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன்.

உன் காரியம் முடிந்த பிறகு நைனார்பாளையம் போனேன். பெட்டி கரையான் பிடித்து, எரித்துவிட்டதாக அந்த வீட்டுக்காரரின் பேரன் சொன்னார். ஆக, அந்த இரண்டு வரியைப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருத்திதான்.

பள்ளிக்கூடம் வந்ததா என்று அந்தப் பத்திரிகை சொல்லவில்லை. வரவில்லை என்றும் சொல்லவில்லை. இதை அன்றைக்கு வண்டிக் கொட்டகையில் உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். நீ அதையும் நோட்டில் எழுதியிருப்பாய். அழுதிருக்க மாட்டாய். அவ்வளவுகூட உன்னைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேன்.