சக்கரம் எந்தப் பக்கம்

மார்ச் 4

தையல்காரத் தங்கச்சிக்கு,

நாலு வருஷமா உன் ஒவ்வொரு வீடியோவுக்கும் முதல் கமெண்ட் என்னோடதுதான். பேன்ட் ஜிப் மாத்துற வீடியோவை இன்னொரு சேனல்லயும் பாத்தேன். அதுல தேதி பிப்ரவரி 20, உன்னோடதுல 23. அடுத்தவங்க உழைப்பைச் சுட்டுட்டியேம்மா. கமெண்ட்லயும் எழுதிட்டேன். மனசு கேக்கலை.

ரிட்டயர்டு கண்டக்டர்

*

மார்ச் 5

அன்புள்ள கண்டக்டர் அண்ணாவுக்கு,

மூடி மறைக்காமல் கேட்டதற்கு நன்றி. உங்கள் கமெண்டின் கீழேயும் இதையே சுருக்கமாக எழுதியிருக்கிறேன்.

நான் முதலில் ஏற்றியது பிப்ரவரி 18. துணியில் ஒன்றரை சென்டிமீட்டர் ஓரம் விடச் சொல்வதற்குப் பதில் அரை சென்டிமீட்டர் என்று வாய் தவறிச் சொல்லியிருந்தேன். ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைக்க முடியாது. அதை நீக்கி, திருத்தியதைப் புதிதாக ஏற்றினேன். அதனால் 23 என்று விழுந்தது. 18ஆம் தேதி நீங்களே முதல் கமெண்ட் போட்டீர்கள், மறந்திருப்பீர்கள். அதுவும் அதோடு போயிற்று.

அந்தச் சேனலில் என் குரலை எடுத்துவிட்டு, பாட்டும் எழுத்தும் போட்டிருக்கிறார்கள். எழுத்தில் 'அரை செ.மீ.' என்றே இருக்கிறது. என் தவறும் சேர்ந்தே போயிருக்கிறது. இன்னொன்றையும் பாருங்கள். தையல் மெஷினின் கைச்சக்கரம் வலது பக்கம்தான் இருக்கும். அதில் இடது பக்கம் இருக்கிறது. தளத்தின் நகல் சோதனையில் சிக்காமலிருக்க, கண்ணாடியில் தெரிவதுபோல் படத்தைத் திருப்பியிருக்கிறார்கள். என்னிடமுள்ள அசல் பதிவைக் காட்டி, நீக்கக் கோரி விண்ணப்பித்திருக்கிறேன். பதில் வரவில்லை. அவர்களைத் திட்டி யாரும் அங்கே எழுத வேண்டாம்.

தங்கள் தங்கை

*

மார்ச் 7

தங்கச்சி,

என் பேன்ட்டை மடியில வெச்சு, வீட்டுத் தையல் மெஷினையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். சக்கரம் வலது பக்கம்தான். ஜிப் மூடுற பக்கமும் அவங்க வீடியோல மாறித்தான் இருக்கு. முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன், செல்லாத டிக்கெட்டை நம்பிட்டேன். என் கமெண்டை அழிச்சுட்டேன். இனி எந்த மூஞ்சியோட அங்க வருவேன். நல்லா இரும்மா.

கண்டக்டர்

*

மார்ச் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கமெண்டை அழித்தபோது அதன் கீழிருந்த என் பதிலும் சேர்ந்து அழிந்துவிட்டது. உங்களை நம்பி நாற்பத்தொரு பேர் அங்கே லைக் போட்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் என் பதிலைப் படித்தார்கள் என்று தெரியாது. ஆகையால் தனியாக ஒரு குறிப்பு எழுதி, கமெண்டுகளுக்கெல்லாம் மேலே வைத்திருக்கிறேன். அதில் உங்களைப் பற்றி ஒன்றும் இல்லை. நகல் வீடியோவைத் தளத்தினர் நேற்று நீக்கிவிட்டார்கள்.

இந்த அறையில் சத்தம் வரக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பதிவு செய்கிறேன். சில நாட்கள் கேமராவைத் தவிர யாரிடமும் பேசுவதில்லை. நீங்கள் வராமல் இரண்டு வீடியோக்கள் போட்டாயிற்று. முதல் கமெண்ட் வேறு யாரோ எழுதுகிறார்கள். நல்ல மனிதர்கள்தான்.

நேற்று காலர் திருப்புவதைக் காட்டும்போது, "பாத்தீங்களா அண்ணா" என்று சொல்லிவிட்டேன். எடிட் செய்யும்போதுதான் காதில் விழுந்தது. வெட்டவில்லை. ஏழாவது நிமிடத்தில் இருக்கிறது.

தங்கை