நாளைக்கு மாமா

மார்ச் 3, செவ்வாய்

காப்பீட்டு அலுவலகத்தில் இன்று கூட்டமில்லை. பழைய தாள் ஒன்றின் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தபோது தோன்றியது: ஒற்றை ஒற்றைப் படமாக வரைந்து அலமாரியில் திணிப்பதை விட்டுவிட்டுத் தொடராக வரைந்தால் என்ன? வாரம் ஒரு படக்கதை, நான்கே கட்டம், எப்போதும் அதே ஆட்கள். ஆட்களுக்கு எங்கே போவது என்று யோசித்தபடியே வீட்டுக்கு வந்தேன்.

சோபாவில் தம்பி படுத்திருந்தான். ஒரு கால் தரையில், முழங்கை கண்மேல், கழுத்தில் துண்டு. அச்சகத்தில் மேற்பார்வையாளர் வேலை போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறான்.

"டேய், பல்ப் மாத்துறேன்னியே?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா."

ஆள் கிடைத்துவிட்டான். என் மகளுக்கு அவன் மாமா. தலைப்பும் கிடைத்துவிட்டது.

மார்ச் 7, சனி

ஆளை முன்னாலிருந்து, பக்கவாட்டில், பின்னாலிருந்து என்று ஒரே தாளில் வரைந்து வைத்துக்கொண்டேன். இல்லையென்றால் வாரத்துக்கு ஒரு மூக்கு வந்துவிடும். மீசையை எடுத்தேன், தொப்பை வைத்தேன், தலையை வழுக்கையாக்கினேன். இனி இது தம்பி என்று எவனும் சொல்ல முடியாது.

படுக்கும் விதத்தை மட்டும் மாற்ற முடியவில்லை. காலைச் சோபாவுக்கு மேல் தூக்கி வைத்துப் பார்த்தேன், சிரிப்பு செத்துப்போனது. உருவம் முழுக்க மை பூசிக் கறுப்பாக்கினாலும் ஆள் யார் என்று தெரிய வேண்டும், அப்போதுதான் பாத்திரம் மனதில் நிற்கும். பூசிப் பார்த்தேன். தெரிந்தது.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டுமோ? கேட்டால் சரி என்பான். அப்புறம் தன்னைத்தானே பார்த்துக்கொண்டு படுப்பான், இயல்பு போய்விடும். — சால்ஜாப்பு. தெரிந்துதான் எழுதுகிறேன்.

மார்ச் 16, திங்கள்

கடைகளில் இலவசமாக வைக்கும் வார இதழின் ஆசிரியை என் படங்களைப் பார்க்கச் சம்மதித்தார். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ஆறில் நான்கில் பாதி வசனம் போயிற்று.

"வசனத்த மொதல்ல எழுதுங்க, அப்புறம் அதச் சுத்திக் குமிழ் போடுங்க. நீங்க குமிழ வரைஞ்சுட்டு எழுத்த உள்ள நெருக்கித் திணிக்கிறீங்க. மொதல்ல பேசுறவர் இடப்பக்கம் மேல. மூணாவது கட்டத்துல யாரும் பேச வேணாம். வாசகர் அங்கதான் மூச்சு விடுவாங்க."

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். "மாமா திருந்தவே கூடாது. திருந்தினா தொடர் முடிஞ்சுது."

ஒரு படக்கதை வெளியாகும்போது அடுத்த நான்கும் அவர் கையில் தயாராக இருக்க வேண்டுமாம். திங்கள் அனுப்பணும், புதன் அச்சு, வெள்ளி கடையில். கல்யாணமானபோதுகூட எனக்கு இவ்வளவு பூரிப்பு இல்லை.

மார்ச் 27, வெள்ளி

வந்துவிட்டது. கட்டம் ஒன்று: "குழாய் சொட்டுதுடா" என்கிறாள் அக்கா. இரண்டு: "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்கிறார் மாமா. மூன்று: பேச்சில்லை, தண்ணீர் சோபாக் காலைத் தொடுகிறது. நான்கு: சோபா மிதக்கிறது. "நாளைக்குத் துடுப்பு வாங்கணும்."

அலுவலகத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேலாளர் தன் அறைச் சுவரில் வெட்டி ஒட்டியிருக்கிறார். வரைந்தது நான் என்று மெதுவாக, கூச்சப்படுவது போல நடித்துச் சொன்னேன்.

தம்பியும் படித்தான், அதே சோபாவில் படுத்துக்கொண்டு. "நல்லாருக்குக்கா. யாரு இந்த ஆளு, நம்மள மாதிரியே படுத்துருக்கான்?"

"சும்மா கற்பனைடா" என்றேன். அவன் சிரித்தான். என் காது சுட்டது.

ஏப்ரல் 10, வெள்ளி

மகள் அவனை நேராகவே 'நாளைக்கு மாமா' என்று கூப்பிட்டாள். அவன் "என்னம்மா?" என்றான். அதட்டியிருக்க வேண்டியவள் நான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் கணவரும் தம்பியும் சமையலறையில் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள். என்ன ரகசியமோ. அதையே அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்

நேற்று அவர் தம்பியின் முதுகில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். கதவிடுக்கில் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் நான்கு கட்டமும் தலையில் விழுந்துவிட்டன. அக்கா: "முதுகுக்கு என்னடா?" மாமா: "வலிக்குதுக்கா." மூன்றாவதில் அக்கா சோபாவைப் பார்க்கிறாள், ஆள் வடிவத்தில் ஒரு பள்ளம். நான்காவதில் மாமா: "படுத்துப் படுத்து வலிக்குது. நாளைக்குப் புது சோபா பாக்கணும்."

இவ்வளவு நன்றாக இதுவரை வரைந்ததில்லை. வரிசையில் இருந்ததைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இந்த வாரத்துக்கு இதையே அனுப்பினேன்.

ஏப்ரல் 22, புதன்

கிடங்கு ஒன்றின் காப்பீட்டுக்குக் கையெழுத்து வாங்க மொத்தச் சந்தைப் பக்கம் போனேன். பின்வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் குனிந்து நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டான். பாவம் என்று நினைத்துக்கொண்டே தாண்டிப் போனேன். அவன் திரும்பினான்.

படுத்திருக்கும் அவனை இருட்டில்கூடக் கண்டுபிடிப்பேன். நின்று வேலை செய்யும் அவனை முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கூடப் பிறந்தவன்.

லாரிமேல் நின்றவன் கத்தினான்: "நாளைக்கு மாமா, இந்த வண்டிய இன்னைக்கே எறக்கணும்பா." எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். வீட்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

வீட்டில் அவரைக் கேட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"பிப்ரவரிலேர்ந்து போறான். நாம கெளம்பினதும் போவான், நாம வர்றதுக்குள்ள வந்து படுத்துடுவான். சூப்பர்வைசரா இருந்துட்டு மூட்ட தூக்குறேன்னு சொல்ல அவனுக்கு வெக்கம். மொதல்ல நானே உன்கிட்ட சொல்லிடுறேன்னுதான் சொன்னேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"படம் வர ஆரம்பிச்சுடுச்சு. அக்காகிட்ட சொன்னா அதையும் வரைஞ்சிடுவாங்கன்னான்."

வரைந்திருப்பேன்தான். மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு சோபாவை ஒரே கோணத்தில் பார்த்துவிட்டு ஒரு மனுஷனையே பார்த்துவிட்டதாக நினைத்திருக்கிறேன். முதுகு — ஐயோ, அந்த முதுகு. வெள்ளிக்கிழமை வருகிறதே.

ஏப்ரல் 23, வியாழன்

ஆசிரியைக்கு ஃபோன் செய்தேன். "நேத்தே அச்சாயிடுச்சு மேடம். ஏன், எழுத்துப் பிழையா?"

"இல்ல. அது வரக் கூடாது."

"இதுவரைக்கும் வந்ததுலயே அதுதான் பெஸ்ட். எங்க ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க."

ஏப்ரல் 24, வெள்ளி

காலையில் தெருமுனைக் கடைக்குப் போய் அடுக்கி வைத்திருந்த இதழ்களை எல்லாம் அள்ளிப் பையில் போட்டேன். "மொத்தமுமா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். ஊரெல்லாம் கடை இருக்கிறது. என்ன மடத்தனம் இது?

சாயங்காலம் வந்தபோது மேஜைமேல் ஒரு பிரதி கிடந்தது. சந்தையில் யாரோ அவனிடம் கொடுத்திருப்பார்கள். படம் மேலே தெரியும்படி மடித்திருந்தது. அவன் சோபாவில் படுக்கவில்லை. மேஜையருகே நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தான். சாப்பிட்ட பிறகும் அங்கேயே. நான் சந்தைக்கு வந்தது அவனுக்குத் தெரியாது. அங்கே பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 25, சனி

இன்றும் நாற்காலியில்தான்.

மே 2, சனி

பேசிவிட்டேன். சந்தையில் பார்த்தேன் என்றதும் அவன் முகம் வெளிறியது. மன்னிப்புக் கேட்க வந்தவள் முதலில் அவனை வெட்கப்பட வைத்தேன். அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

"அங்க ஒருத்தன் பேப்பரக் கொண்டாந்து, நீ படுக்குற மாதிரியே இருக்குன்னான்" என்றான். "மத்தியானம் மூட்ட மேல அப்படித்தான சாய்வேன். இல்லடா, இவன் மொட்ட, தொப்பை வேற இருக்குன்னேன். யாரும் நம்பல."

"கோவமாடா?"

"கோவம்லாம் இல்லக்கா." சோபாவைப் பார்த்தான். "படுக்க முடியல. படுத்தா படத்துல இருக்குற மாதிரியே இருக்கு."

அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

மே 4, திங்கள்

ஆசிரியையிடம் போய், கொடுத்து வைத்திருந்த மீதி நான்கையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவருக்கு எரிச்சல். "வேணும்னா மாமாவுக்கு வேல கெடச்ச மாதிரி ஒண்ணு வரைஞ்சு கௌரவமா முடிச்சிடுங்க. திருந்திட்டார்னு வாசகருங்களும் சந்தோசப்படுவாங்க."

திருந்துவதற்கு அவன் என்ன தப்பு செய்தான்? அந்த நல்ல முடிவும் அவனிடமிருந்து திருடுவதுதானே. முடியாது என்றேன். அடுத்த வாரம் அந்த இடத்தில் சமையல் எரிவாயு விளம்பரம் வருமாம்.

மே 17, ஞாயிறு

தம்பி சந்தைக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகிற தூரம் குறையுமாம். நல்ல காரணம்தான். யாரும் மறுக்க முடியாத காரணம்.

பிள்ளைத்தனமாக என்னையே வரைய உட்கார்ந்தேன். இனி கேலி செய்தால் என்னைத்தான் செய்வேன் என்று ஒரு வீம்பு. நான் எப்படி நிற்பேன் என்று எனக்கே தெரியவில்லை. அவரைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை: "கதவோரமா நின்னு எட்டிப் பாப்ப." அப்படியே வரைந்து கறுப்பாகப் பூசினேன். நான்தான். கிழித்துப் போட்டேன்.

மே 29, வெள்ளி

தம்பிக்குச் சந்தையில் கணக்குப் பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார்களாம். அவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். எனக்கு இன்றுதான், அதுவும் பேச்சுவாக்கில்.

ஜூன் 14, ஞாயிறு

மகள் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் பள்ளியிலிருந்து உம்மென்று வந்தாள். என்ன என்று கேட்டால் "ஒண்ணுமில்ல." இன்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமாகிட்ட ஃபோன்ல சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்லச் சொன்னார்."

"சொல்லு."

"வரைவியா?"

"மாட்டேன்."

"அந்த டைரில எழுதுவியா?"

அவளுக்கு இதுவும் தெரிந்திருக்கிறது. மாட்டேன் என்றேன். என் கையைப் பார்த்தாள். கையில் அவளுடைய சீருடைச் சட்டைதான் இருந்தது. அப்புறம் சொன்னாள். நடுவில் அழுதாள், ஒரு இடத்தில் சிரித்தாள். முடியும்வரை துணியைக் கீழே வைக்காமல் கேட்டேன்.

அதனால் இன்றைக்கு இங்கே எழுத வேறொன்றும் இல்லை.