ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வந்தவர்கள்

பெண்டில் ஹில், சிட்னி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் மாதுமைக்கு,

அம்மா எழுதுவது. நீ எடுத்த போனுக்கு நான் பதில் சொல்லவில்லை என்று கோபிக்காதே. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு முழங்கால் நோ. மற்றப்படி சுகம்.

பல்கலைக்கழகத்துக்கு நீ கொடுக்கப்போகும் ஆய்வுச் சுருக்கத்தை வாசித்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரியை மாற்றும்வரை, என் சனிக்கிழமைப் பாட்டு வகுப்பை ஆய்வில் சேர்க்கச் சம்மதக் கையெழுத்துப் போடமாட்டேன்.

வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட அறை, கைபேசியில் சுருதி, சரளி வரிசை, ஆங்கில எழுத்தில் எழுதிப் பாடமாக்கும் பதிகம், கிரேடு பரீட்சை, வெளியே காருக்குள் காத்திருக்கும் தாய் தகப்பன் என்று எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறாய். 'கடந்த ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வந்த மாணவர்களை மட்டும் நேர்காண்பேன்' என்கிறாயே, அதுதான் எனக்குச் சரிவரவில்லை.

வியாழக்கிழமை குலவீரசிங்கம் அண்ணையின் செத்தவீடு. அவருடைய மகள் சர்மிளியை உனக்குத் தெரியும். கணக்கு டியூஷனுக்காகப் பத்தாம் வகுப்பில் பாட்டை விட்டவள். மண்டபத்தில் பிரேதத்துக்கு இடும் சுண்ணம் இடிக்க உரலும் உலக்கையும் வந்துவிட்டன, இடிக்கும்போது சுண்ணப் பாட்டுப் பாடத்தான் ஆளில்லை. எனக்குக் குரல் எழும்பவில்லை. வகுப்பின் கெட்டிக்காரிகள் இருவரைப் பார்த்தேன். "அன்ரி, அது எங்கட கிரேடுக்கு இல்லையே" என்று முழித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் சர்மிளி எழுந்து உலக்கையைப் பிடித்தாள். கையில் காகிதமும் இல்லை, கைபேசியும் இல்லை. இரண்டாம் பாட்டில் சுருதி இறங்கியது, அழுகையும் வந்தது. இருந்தும் கடைசிவரை பாடி முடித்தாள். பிறகு என்னிடம் வந்து, "எவ்வளவு திட்டு வாங்கிப் படிச்சனான், அன்ரி! நான் வகுப்பை விட்டன், அது என்னை விடேல்லை. கார் ஓடேக்க வாய் தன்பாட்டில முணுமுணுக்கும்" என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

உன் கணக்கில் சர்மிளிக்கு இடமில்லை. பதினைந்து வயதில் வகுப்பை விட்டு நின்ற உனக்கும் இல்லை. இங்கே பாட்டு எப்படி உயிரோடு இருக்கிறது என்று தேடுகிறாய். விட்டுப்போனவர்களையும் கேள், பிள்ளை. அந்த வரியைத் திருத்தி அனுப்பு, அன்றைக்கே கையெழுத்து வரும்.

இன்னொன்று. தொண்டையில் வெட்டியெடுத்த சதையின் பரிசோதனை முடிவு அடுத்த கிழமை வரும். நீ பயப்படாதே. சனிக்கிழமை வகுப்பைப் பூட்ட எனக்கு மனமில்லை, ஒருமுறை நீ வந்து நடத்து. பிள்ளைகளுக்கு நீ பாடிக் காட்டு, நான் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்கிறேன். எதை வேண்டுமானாலும் பாடு. சுண்ணப் பாட்டு உனக்கும் மறந்திருக்காது என்று தெரியும். அதை மட்டும் இப்போது பாடிப்பார்க்க வேண்டாம்.

நீ நல்லாயிருக்க வேண்டும், என் குஞ்சு.

அன்புடன்,
அம்மா