தூங்கினேன் என்று போடச் சொன்ன கையெழுத்து

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருந்தால் எனக்கு அது போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ஊருக்கே கேட்கும்படி முனகுகிறார், மாத்திரையை நினைவுபடுத்தினால் மட்டும் காது கேட்காது. நீ அனுப்பிய போர்வை வந்து சேர்ந்தது, அதையும் அவரே எடுத்துக்கொண்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்று மத்தியானம் போனில் என்னைப் பேசவே விடாமல், "ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுத் தொலைச்சிட்டு வேலையைப் பாரு"ன்னு சொல்லி வைத்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு உடனே திருப்பிக் கூப்பிட்டிருப்பேன். எழுத்தில் என்றால் குறுக்கே பேச உனக்கு வழியில்லை, அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனால் எப்படி என்று ஒருநாளும் நீ கேட்டதில்லை. மிக்சி, ஃப்ரிட்ஜ் வாங்குபவர்கள் கடையில் நிரப்பிக் கொடுக்கும் வாரண்டி கார்டுகளை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். திரையில் இடது பக்கம் கார்டின் படம், வலது பக்கம் இருபது கட்டம். பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும், ராத்திரிக்கு முந்நூறு கார்டு. அதே முந்நூறை இன்னொருத்தியும் தனியாக அடிப்பாள், இரண்டும் ஒத்துப்போகாத கட்டம் மட்டும் சிவப்பாகித் திரும்பி வரும். இருபது கட்டத்தில் பதினொன்று கடையைப் பற்றியது: கடையின் பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு, போன் என்று போகும். மிச்சம் ஒன்பதுதான் வாங்கினவர் சமாச்சாரம். கீபோர்டில் F4 என்று ஒரு பட்டன் உண்டு, போன கார்டில் அதே கட்டத்தில் என்ன அடித்தோமோ அதை அப்படியே கொண்டுவந்து போடும். அது இருப்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் தொடுவதில்லை, ஏனென்றால் ஒரு கார்டு ஒரு கடை, அடுத்தது வேறு கடை, கலந்துகட்டித்தான் வரும்.

போன மாதம் ஒருநாள் கை தவறி, கார்டு பட்டியலின் மேலே 'கடை எண்' என்ற தலைப்பில் மவுஸை அழுத்திவிட்டேன். பட்டியல் மொத்தமும் புரண்டு ஒரே கடையின் கார்டுகளெல்லாம் வரிசையாக வந்து நின்றன. கார்டில் ஒட்டியிருக்கும் பட்டைக்கோட்டிலிருந்து ஸ்கேன் மெஷின் அந்த எண்ணை முன்பே எடுத்து வைத்திருக்கிறது, பதினொரு வருஷமாக அது என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. கடையின் முதல் கார்டை முழுசாக அடித்தேன், அடுத்த கார்டில் பதினொரு கட்டத்துக்கும் பதினொரு முறை F4, அவ்வளவுதான். ஒரு கார்டுக்கு இருநூற்று இருபது தட்டு தட்டிக்கொண்டிருந்தவள் நூறில் முடித்தேன். விடிய விடிய இழுக்கிற வேலை பாதி ராத்திரியில் தீர்ந்தது. விரலில் வலி இல்லை. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப பதினோரு வருஷமா சும்மாவா அடிச்ச?"ன்னு கேட்டார், அந்த வாய்க்கு அன்றைக்குக் காப்பி லேட்டாகத்தான் கிடைத்தது.

தப்பும் செய்தேன், மறைக்க மாட்டேன். இரண்டாம் நாளே பத்தொன்பது கார்டு சிவப்பாகத் திரும்பி வந்தது. ஒரு கடைக்காரர் நடுவில் போன் நம்பரை மாற்றிப் புது முத்திரை குத்தியிருக்கிறார், நான் பார்க்காமல் பழைய நம்பரையே F4 போட்டுத் தள்ளியிருக்கிறேன். எனக்கு ஜோடியாக அதே கார்டுகளை அடிக்கும் கண்ணாடிக்காரி ஒவ்வொன்றாக அடித்ததால் மாட்டியது. அன்றிலிருந்து கண் ஒவ்வொரு கட்டத்தையும் படிக்கும், படித்த பிறகுதான் விரல் அழுத்தும். அதற்கப்புறம் ஒரு ராத்திரிக்கு இரண்டு மூன்று சிவப்புக்கு மேல் வந்ததில்லை. முன்பெல்லாம் தூக்கக் கலக்கத்தில் பன்னிரண்டு பதிமூன்று வரும்.

இதற்கு மாலையா போடுவார்கள்? இந்த வருஷம் புதிதாக ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள், மணிக்கு எத்தனை முறை கீபோர்டைத் தட்டினோம் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். முடித்த கார்டை அது எண்ணாது. என் தட்டு பாதியாகக் குறைந்ததும், நாலு மணி நேரம் தூங்கிவிட்டாள் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. எங்கள் சூப்பர்வைசர், முணுமுணுப்பு என்றுதான் அவனுக்குப் பெயர், என் பக்கத்தில் குனிந்து, "அக்கா, முடிச்சப்புறம் ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கிட்டே இருங்க, கணக்கு சரியாயிடும், எனக்கும் தலைவலி போகும்"னு சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, பயந்தாங்கொள்ளி. ஆனால் நீயே சொல், முடித்த வேலையை முடிக்காத மாதிரி காட்ட நான் நாலு மணி நேரம் வெறும் இடைவெளியைத் தட்ட வேண்டுமாம்! முடியாது என்றேன்.

இன்று காலை ஷிஃப்ட் முடிந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். கண்ணாடிக்காரி முன்பே அடித்து வைத்திருந்த பத்து கார்டை அவர் கண்ணெதிரே அடித்துக் காட்டினேன், ஒரு சிவப்பு இல்லை. அவர் திரையைப் பார்க்கவில்லை, கையிலிருந்த அறிக்கையைத்தான் பார்த்தார். "அதெல்லாம் சரிம்மா, ரிப்போர்ட்ல தூங்கினதா இருக்கே"ன்னார். என் எதிரே உட்கார்ந்து, விழித்திருக்கும் என்னைப் பார்த்து! பணி நேரத்தில் உறங்கினேன், மன்னிக்கவும் என்று டைப் அடித்த ஒரு தாளை நீட்டி, நாளைக் காலைக்குள் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் நாளை ராத்திரியிலிருந்து வரவேண்டாம் என்றார். இதைத்தான் நீ ஒரு கையெழுத்துதானே என்கிறாய். உன்னைப் படிக்க வைத்ததே இந்த ராத்திரிகள்தான் கண்ணு, அதில் ஒன்றில்கூட நான் தூங்கவில்லை. எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள்? அப்பாவிடம் கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டுல தூங்குமூஞ்சி நான் ஒருத்தன்தான், அந்தப் பட்டத்தை உனக்கு விட்டுத்தர மாட்டேன்"னார். அதுக்கப்புறம் எனக்கு யோசனையே இல்லை.

இன்று ராத்திரி ஷிஃப்ட் தொடங்கியதும் கூட வேலை செய்யும் மற்ற பதினொரு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து F4 வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன், பத்தொன்பது சிவப்பு வந்த கதையையும் சேர்த்து. கண்ணாடிக்காரி மட்டும், "நம்ம எல்லாரையும் சேர்த்துத் தூக்கிட்டாங்கன்னா?"ன்னு கேட்டாள். அவள் வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். உனக்கு வேண்டாம், நீ பழையபடியே அடி, யாரும் தப்பாக நினைக்க மாட்டோம் என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், பிறகு முதலில் அந்தக் 'கடை எண்' தலைப்பை அழுத்தியது அவள்தான். இப்போது பன்னிரண்டு பேருக்கும் வேலை முடிந்துவிட்டது. ஒருத்தியும் ஸ்பேஸ் பாரைத் தொடவில்லை. ஒருத்தி பின்னல் போடுகிறாள், இரண்டு பேர் ஊர்க்கதை பேசிச் சிரிக்கிறார்கள், முணுமுணுப்பு முணுமுணுக்கக்கூட மறந்து நடுவில் நிற்கிறான். காலையில் மேனேஜர் மேசையில் அறிக்கை வரும், பன்னிரண்டு பேரும் பாதி ராத்திரி தூங்கினார்கள் என்று. பக்கத்திலேயே மூவாயிரத்து அறுநூறு பதிவும் இருக்கும். தூக்கத்தில் அடித்தது யார் என்று அவரே கண்டுபிடித்துச் சொல்லட்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி போனை நோண்டாதே, மாப்பிள்ளையின் இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தீர்களா? அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய், மாத்திரை போட்டாரா என்று நீ கேட்டால்தான் அவருக்குக் காது கேட்கும். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நன்றாக இருங்கள். கொண்டுவந்த தாள் தீர்ந்துபோய், கையில் இருந்த ஒரே தாளின் பின்பக்கத்தில்தான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். திருப்பிப் பார், மேனேஜர் கொடுத்ததுதான் அது. அவர் கேட்ட கையெழுத்து இதில் இருக்கிறது, ஆனால் இந்தப் பக்கத்தில்.

இப்படிக்கு,
விழித்திருக்கும் உன் அம்மா