கையில் தங்காத காசு

மே 6, திங்கள்

நேற்றும் முந்தாநாளும் வாசலூர்பட்டி படகுத் துறையில் நல்ல கூட்டம். பஜ்ஜி மாவை மூன்று முறை கரைத்தேன். இன்று காலையே பஸ் ஏறி செம்மேடு போய் ஒரு குக்கர், இரண்டு புடவை, அண்ணன் பிள்ளைகளுக்குச் சட்டை. சாயங்காலம் கடைக்கு எண்ணெய் வாங்கக் காசில்லை. கடன் சொல்லி வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு குக்கர் இருக்கிறது.

மே 7

வீட்டுக்காரர் திட்டவில்லை. பிரிக்காத குக்கர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "காசு கையில இருந்தா உனக்கு என்ன பண்ணுது யமுனா?" என்று மட்டும் கேட்டார். நெஞ்சு படபடக்கும். செலவானதும் அடங்கிவிடும். ஆசையா அது? இல்லை — பயம்.

மே 10

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. என் சீருடைக்கென்று மிளகு விற்ற பணத்தை அம்மா ராகிப் பானைக்குள் வைத்திருந்தாள். பெரியப்பா வந்து கேட்டார். இருப்பதை இல்லை என்று சொல்ல அவளுக்கு வராது. கொடுத்தாள். திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் மிளகுக் காசு வந்த அன்றே சந்தையில் அத்தனையும் செலவு செய்தாள். ஜிலேபி தின்றோம். "கையில இல்லைன்னா யாரு கேப்பாங்க கண்ணு?" என்றாள். ஐப்பசி மழையில் கஞ்சிக்கு அலைந்தோம்.

செலவைத் தவிர அம்மாவுக்கு வேறு பூட்டு இல்லை. எனக்கு? முடியாதுன்னு சொல்லத் தெரியாமத்தான் நானும் காலி பண்றேனா?

மே 13, திங்கள்

செம்மேட்டில் முதலில் வங்கி, அப்புறம்தான் கடைவீதி. என் பேரில் கணக்கு. ஏடிஎம் கார்டு வேண்டாம் என்றேன். எடுக்க வேண்டுமென்றால் நான் பஸ் ஏறித்தான் வர வேண்டும். பாஸ்புக் உறையில் "மழைக்காலம்" என்று எழுதினேன். ஆசைக்கும் கொஞ்சம் தனியாக எடுத்து வைத்தேன். அதுவும் இல்லாவிட்டால் நான் தாங்க மாட்டேன்.

ஜூன் 10

இன்று வங்கிக்குப் போகவில்லை. வளையல்.

ஜூன் 17

போனேன்.

ஆகஸ்ட் 5

ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் வந்த பணம் மொத்தமும் ஒரு ராத்திரி வீட்டில் இருந்தது. தூங்கவில்லை. ஆனால் காலையில் அப்படியே வங்கிக்குப் போனது.

ஆகஸ்ட் 18

மணிவண்ணன் அண்ணன் வந்தான். பைக் மாற்றணுமாம். "எதாச்சும் இருக்குதா கண்ணு?" என்றான். இல்லை என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. அது பொய். நாற்பது வயதை நெருங்குகிறேன், இன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன்: "இருக்குதுங்கண்ணா. மழைக்கு வச்சிருக்கேன். தர முடியாது."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அழுதேன். ஆனால் அம்மா சொல்ல முடியாமல் போனதை நான் சொல்லிவிட்டேன். அதை நினைத்து நினைத்து நிமிர்ந்தே நடந்தேன் இன்று.

நவம்பர் 12

விடாத மழை. படகு ஓடவில்லை, கடை திறந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. வங்கியில் எடுத்து அரிசி, பருப்பு எல்லாம் ரொக்கத்துக்கு வாங்கினோம். மீதி அலமாரியில் இருக்கிறது. அது அங்கே இருப்பதே மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது.

அண்ணன் நனைந்துகொண்டே வந்து ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கு இறக்கினான். காசு ஒன்றும் கேட்கவில்லை. காபியை முழுதாகக் குடித்துவிட்டு, "அந்தக் கணக்கு எப்படி ஆரம்பிக்கறது, யமுனா?" என்றான்.