சபீனா முதல் மாணவி அல்ல

டீச்சர்,

இன்று காலை ஐந்தாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தபோது சிவப்புப் பேனா தீர்ந்துபோனது. பென்சிலைச் சீவினேன். அந்த மர வாசனையில் நீங்கள் வந்துவிட்டீர்கள், அதற்குப் பிறகு ஒரு நோட்டும் ஓடவில்லை. கட்டுரைத் தலைப்பும் அதே 'என் உயிர்த் தோழி'.

நாம் ஒரே பள்ளியில் இருந்தபோது ஜெனிஃபர் எழுதிய கட்டுரை உங்களுக்கு மறந்திருக்காது. பத்து வயதுப் பிள்ளை, அதில் ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "சபீனா என் உயிர்த் தோழி. அவள் கணக்கில் கடைசி. ஆனால் எந்தப் பொந்தில் நண்டு இருக்கும் என்று உள்ளே கை விடாமலே சொல்லுவாள். என் அம்மா கடலுக்குப் பாசி எடுக்கப் போய் வர நேரமாச்சு. நான் அழுதேன். அவளும் அழுதாள். அவளுக்கு ஏன் என்று தெரியாது."

கட்டுரையை இந்த வடிவத்துக்கு நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள். முதலில் அது மூச்சுவிடாமல் ஒரே வாக்கியமாக ஓடியது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து உரக்கப் படிக்கச் சொன்னீர்கள். "இங்கன மூச்சு வாங்குதுல்ல? அப்ப ஒரு புள்ளி வை" என்றீர்கள். தப்பான எழுத்துக்கு அடியில் பென்சிலால் சின்னப் பொட்டு, அவ்வளவுதான். திருத்துவது அவள் வேலை. எட்டு 'அப்புறம்' இருந்தது. எடுக்கட்டுமா என்று அவளிடமே கேட்டீர்கள், ஐந்து போதும் என்றாள், மூன்றை எடுத்தீர்கள். யார் முதலில் அழுதது என்று புரியாத இடத்தில் நீங்களாக எதுவும் எழுதவில்லை. "முதல்ல யாரும்மா அழுதது?" என்றீர்கள். அவள் சொன்னதை அவளே எழுதினாள். 'நேரமாச்சு' என்ற பேச்சு வழக்கைத் தொடவில்லை. அவள் அம்மாவுக்கு நேரமாச்சுதான் என்றீர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராமநாதபுரம் கட்டுரைப் போட்டிக்கு அனுப்பும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்திருந்தார். கடைசி மாணவியைப் பற்றி எழுதினால் எவன் பரிசு கொடுப்பான்? வழக்கம்போல நானே எழுதி, அதைப் பார்த்து ஜெனிஃபரை எழுத வைத்தேன். பூவும் மணமும் போன்ற நட்பு. சபீனா வகுப்பில் முதல் மாணவி, ஒழுக்கத்தின் உறைவிடம். நண்டையும் அழுகையையும் எடுத்துவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் பரிசு வந்தது. காலைப் பிரார்த்தனையில் ஜெனிஃபரை மைக்கில் படிக்கச் சொன்னேன். "சபீனா வகுப்பில் முதல் மாணவி" என்றதும் பள்ளிக்கூடமே சிரித்தது. வரிசையில் நின்ற சபீனா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னைக் கேலி செய்யத்தான் தோழி அப்படி எழுதினாள் என்று நம்பிவிட்டாள். அன்றே பை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போனாள். ஜெனிஃபர் கெஞ்சினாள், அழுதாள், அவள் திரும்பவில்லை.

ஆசிரியர் அறையில் நீங்கள் கேட்டது இன்னும் சுடுகிறது. "அது யாரு டீச்சர்? நம்ம சபீனாவா? போயி அந்தப் பிள்ளைகிட்ட, நாந்தான் எழுதினேன்னு சொல்லுங்க. ஒரு நிமிசம் ஆகாது."

"பத்து வயசுப் பிள்ளைகிட்ட நான் போயி நிக்கணுமா?" என்றேன்.

"ஆமா. அதுக்கு என்ன?"

நான் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று அந்த வருஷமே போயிற்று. இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு பள்ளிக்குப் போனார்கள். நீங்களும் அதற்குப் பிறகு என்னிடம் வருகைப் பதிவேடு, சத்துணவு தவிர வேறு பேசவில்லை. பக்கத்து மேசையில் மூன்று வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தீர்கள். நானும் வீம்பாகவே இருந்தேன். பிறகு உங்களுக்கு மாற்றல் வந்தது, நோய் வந்தது. நான் பார்க்க வரவில்லை. அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

போன மாதம் உங்கள் இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நல்ல தமிழ் எழுதுவேன் என்று பெயர் இருக்கிறதே! "அன்பின் வடிவம், கோபமே அறியாதவர்" என்று வாசித்தேன். உங்கள் மகள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள். அவள் அம்மாவை எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. சபீனாவுக்குச் செய்ததை உங்களுக்கும் செய்துவிட்டு, உங்கள் படத்துக்கு மாலையும் போட்டுக் கீழே இறங்கினேன்.

நோட்டுகளை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன். நீங்கள் கோபக்காரி. டீயில் நாலு கரண்டி சீனி போடுவீர்கள். பிள்ளைகளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்பீர்கள், எங்களிடம் கேட்கமாட்டீர்கள். என்னோடு மூன்று வருஷம் பேசவில்லை. ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்து, பேசாமலே என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தீர்கள். நீங்கள் என் உயிர்த் தோழி. நான் உங்களுக்கு யார் என்று நான் கேட்கவில்லை.